விற்க நினைக்கும் புட்தான் உங்களுக்குத் தேவையான புட்

வாசகியின் கடிதம்

வணக்கம் சார். கோத்தகிரிப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன், பென்ஷன் வருகிறது. சேமிப்பில் 20 லட்சம் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டிலும் 12 லட்சம் மிட்கேப் ஃபண்டிலும் இருக்கிறது. பூர்வீக வீட்டுக்காக அக்காவுக்கு மே மாதம் 10 லட்சம் பங்குத் தொகை கொடுக்க வேண்டும். 2020 மார்ச்சில் பயந்துபோய் அடிமட்டத்தில் பாதியை விற்றுவிட்டேன். அது மறுபடி நடக்கக் கூடாது.

நிஃப்டி 25,000 என்று வைத்து ஒரு கணக்குப் போட்டேன். மூன்று மாத 24,000 புட் 250 ரூபாய். விலை அதிகமாகத் தெரிந்ததால், 22,500 புட்டை 90 ரூபாய்க்கு விற்று அந்தப் பணத்தில் இதை வாங்கலாம் என்று படித்தேன். இரண்டு லாட் போதுமா? 24,000-க்குக் கீழே எனக்கு நஷ்டமே வராது, சரிதானே? ஆனால் புட் விற்றால் அளவில்லாத நஷ்டம் என்றும் சொல்கிறார்களே? அண்ணன் மகன், “அத்தை, ஒன்று வாங்கி மூன்று வித்துடுங்க, ஓசியிலேயே ஆகிடும்” என்கிறான். மழைக்காலத்தில் இங்கே கரண்ட்டும் நெட்டும் இரண்டு நாள் இருக்காது. அப்போது என்ன செய்வது? என் நோட்டுத் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்

வணக்கம் டீச்சர். உங்கள் நோட்டுத் தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு போட்டு, சிவப்பு மையில் தலைப்பு எழுதி, 25,000-லிருந்து ஐந்நூறு ஐந்நூறாக இறங்கி ஒவ்வொரு வரியிலும் வரவு செலவு போட்டிருக்கிறீர்கள். கூட்டல் கழித்தலில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் உங்கள் அட்டவணை 22,500-ல் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தாளில் இடம் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் அந்தக் காலி இடத்தில் வர வேண்டிய இரண்டு வரிகளில் இருக்கிறது. அதனால் முதலில் அவற்றை எழுதிவிடுவோம்.

24,000 புட் என்பது, ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 24,000-க்குக் கீழே எத்தனை புள்ளி இருக்கிறதோ அத்தனை ரூபாயை உங்களுக்குத் தரும் ஒப்பந்தம். நீங்கள் விற்கும் 22,500 புட், நிஃப்டி 22,500-க்குக் கீழே எத்தனை புள்ளி போகிறதோ அத்தனை ரூபாயை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம். நிஃப்டி 22,500-ல் முடிந்தால் முதலாவது 1,500 ரூபாய் தரும், இரண்டாவது எதுவும் கேட்காது. அதற்குக் கீழே ஒவ்வொரு புள்ளிக்கும் மேல் புட்டில் ஒரு ரூபாய் வரும், கீழ் புட்டில் ஒரு ரூபாய் போகும். எனவே 22,500-க்கு எவ்வளவு கீழே போனாலும் உங்கள் கையில் நிற்பது அதே 1,500தான். செலவழித்த 160 ரூபாயைக் கழித்தால் 1,340.

லாட், அதாவது ஒரே தொகுப்பாக வாங்க வேண்டிய எண்ணிக்கை, 65 என்று நீங்கள் எழுதியிருப்பதையே எடுத்துக்கொள்கிறேன். லாட் அளவை எக்ஸ்சேஞ்ச் அவ்வப்போது மாற்றும், ஆர்டர் போடும் அன்று திரையில் உள்ளதைப் பாருங்கள். இரண்டு லாட்டுக்கு 130. ஆக, இந்த ஏற்பாடு உங்களுக்குத் தரக்கூடிய அதிகபட்சம் 1,74,200 ரூபாய்.

இப்போது விட்டுப்போன வரிகள். நிஃப்டி 20 சதவீதம் விழுந்து 20,000-ல் முடிகிறது. மிட்கேப்பும் அதே அளவுதான் விழுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் உங்கள் 32 லட்சத்தில் 6,40,000 குறைந்திருக்கும். ஹெட்ஜ், அதாவது வீழ்ச்சிக்கு ஈடாக வைத்த இந்தப் புட் ஏற்பாடு, 1,74,200 தரும். மீதி நஷ்டம் 4,65,800. அடுத்த வரி, நீங்களே பார்த்த 2020. அந்த ஆண்டு ஜனவரி 14-ல் 12,362-ல் முடிந்த நிஃப்டி, மார்ச் 23-ல் 7,610-ல் முடிந்தது. 38 சதவீதம். அதே வீழ்ச்சி 25,000-லிருந்து வந்தால் 15,500. உங்கள் சேமிப்பில் 12,16,000 போயிருக்கும். ஹெட்ஜ் தருவது அப்போதும் அதே 1,74,200. மீதி 10 லட்சத்துக்கும் மேலான நஷ்டம் உங்களுடையது.

கீழே எதையும் விற்காமல் 24,000 புட்டை மட்டும் வாங்கியிருந்தால், அந்த 15,500-லும் உங்கள் மொத்த நஷ்டம் ஒன்றரை லட்சத்துக்குள் நின்றிருக்கும். அதற்குக் கூடுதல் செலவு, இரண்டு லாட்டுக்கு 11,700 ரூபாய்.

கேட்ட இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்

24,000-க்குக் கீழே நஷ்டமே வராது என்பது சரியில்லை. 24,000-க்கும் 22,500-க்கும் நடுவில்தான் நீங்கள் பாதுகாக்கப்படுகிறீர்கள். 25,000-லிருந்து 24,000 வரையிலான முதல் ஆயிரம் புள்ளி உங்கள் பாடு. 22,500-க்குக் கீழே மறுபடியும் உங்கள் பாடு.

அளவில்லாத நஷ்டம் என்ற பயமும் சரியில்லை. புட்டைத் தனியாக விற்பவருக்குத்தான் மிகப் பெரிய நஷ்டத்தின் ஆபத்து, நிஃப்டி பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது என்பதால் அதுவும் அளவில்லாதது அல்ல. உங்களிடம் அதைவிட மேலான ஒப்பந்தப் புள்ளியில், அதாவது ஸ்ட்ரைக்கில், அதே எண்ணிக்கையில், அதே எக்ஸ்பைரியில் வாங்கிய புட் இருக்கும்வரை, விற்ற புட் கேட்பதை வாங்கிய புட் கட்டிவிடும். ஒரு புட்டை வாங்கி இன்னொன்றை விற்கும் இந்த ஸ்ப்ரெட் என்ற அளவில் உங்களிடமிருந்து போகக்கூடியது அந்த 160 ரூபாய் மட்டும், இரண்டு லாட்டுக்கு 20,800. ஹெட்ஜே இல்லாதவரைவிட உங்கள் நிலை எந்த வீழ்ச்சியிலும் 20,800-க்கு மேல் மோசமாகாது. இதைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பயப்பட வேண்டியது விற்ற புட்டால் வரும் புது நஷ்டத்தை அல்ல. 22,500-க்குக் கீழே உங்கள் ஃபண்ட் தானாகவே அடையப்போகும் நஷ்டத்துக்கு மருந்து இல்லாமல் போவதைத்தான்.

2020-ல் ஒருவர் பிப்ரவரி நடுவில் இதே மாதிரி செய்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஃப்டி அப்போது 12,100 சுமார். மார்ச் எக்ஸ்பைரியில் 11,500 புட்டை வாங்கி 10,500 புட்டை விற்றிருந்தால், மார்ச் 26 அன்று அவருக்கு முழுத் தொகையான 1,000 புள்ளி கிடைத்திருக்கும். ஹெட்ஜ் சொன்னதைச் சொன்னபடி செய்தது. ஆனால் நிஃப்டி அன்று முடிந்தது 8,641-ல். கிட்டத்தட்ட 3,500 புள்ளி இழப்புக்கு 1,000 புள்ளி ஈடு. அவரும் உங்களைப் போலவே தூக்கமில்லாமல்தான் இருந்திருப்பார்.

90 ரூபாய் ஏன் கிடைக்கிறது

22,500 என்பது 10 சதவீதம் கீழே. அவ்வளவு தூரத்துப் புட்டுக்கு 90 ரூபாய் தருகிறார்களே என்று உங்களுக்கு ஆச்சரியம் வந்திருக்கலாம். நியாயமான ஆச்சரியம்தான். உங்கள் 24,000 புட்டின் விலையில் எத்தனை சதவீத ஏற்ற இறக்கம் அடங்கியிருக்கிறதோ அதே அளவை 22,500-க்கும் போட்டுக் கணக்கிட்டுப் பார்த்தேன். அது 45 ரூபாய்க்குள்தான் வருகிறது. சந்தை அதற்கு இரண்டு மடங்கு தருகிறது.

காரணம் இதுதான். பெரிய வீழ்ச்சிக்குப் பயந்து தூரத்துப் புட்களை வாங்கப் பெரிய நிதி நிறுவனங்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. விற்கத் தயாராக இருப்பவர்கள் குறைவு. 1987 அக்டோபரில் அமெரிக்கச் சந்தை ஒரே நாளில் சரிந்ததற்குப் பிறகு இண்டெக்ஸ் ஆப்ஷன்களில் இந்தச் சாய்வு நிலைத்துவிட்டது. சந்தையோடு பழகியவர்கள் இதை ஸ்க்யூ என்பார்கள். புட் ஸ்ப்ரெட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நல்ல வாதமே இதுதான். விலை ஏறிக் கிடக்கும் பொருளை விற்று, அதைவிட மலிவான பொருளை வாங்குகிறோம். எக்ஸ்பைரியில் நிஃப்டி 22,410-க்கு மேலே எங்கே முடிந்தாலும், தனிப் புட் வாங்கியவரைவிட ஸ்ப்ரெட் வைத்தவருக்கு லாபம். வரும் வீழ்ச்சிகளில் பெரும்பாலானவை அந்த எல்லைக்குள்தான் முடிகின்றன.

ஆகவே இந்த முறை ஏமாற்று வேலை அல்ல. நடுத்தர வீழ்ச்சி யாரை உறுத்துகிறதோ, பெரிய வீழ்ச்சி வந்தால் “சரி, பத்து வருஷம் பொறுத்துக்கொள்கிறேன்” என்று யார் உண்மையாகவே சொல்ல முடியுமோ, அவருக்கு இது அருமையான ஏற்பாடு. அந்த மனிதர் நீங்கள் இல்லை டீச்சர். 2020 மார்ச்சில் உங்களை விற்க வைத்தது 8 சதவீதமோ 10 சதவீதமோ அல்ல. அதைத் தாண்டிய, அடி தெரியாத சரிவுதான். நீங்கள் 90 ரூபாய்க்கு விற்க நினைக்கும் அந்த 22,500 புட் இருக்கிறதே, உங்கள் பயத்துக்கு நேராக மருந்து அதுதான். அதை நீங்கள் வாங்க வேண்டும், விற்கக் கூடாது.

அக்காவின் பணத்தை ஹெட்ஜ் செய்ய வேண்டாம்

தேதி குறித்த பணம் சந்தையில் இருக்கவே கூடாது. மே மாதம் கொடுக்க வேண்டிய 10 லட்சத்துக்கு எந்தப் புட்டும் தேவையில்லை. அதை விற்று வங்கி வைப்பிலோ லிக்விட் ஃபண்டிலோ வைத்துவிடுங்கள். எதை விற்பது என்றால், மிட்கேப்பை. இதற்கு ஹெட்ஜ் சார்ந்த காரணமும் உண்டு. நிஃப்டி புட், நிஃப்டியை மட்டும்தான் பார்க்கும். மிட்கேப் 20 சதவீதமும் நிஃப்டி 6 சதவீதமும் விழும் காலங்கள் வருவதுண்டு. அப்போது உங்கள் புட் கிட்டத்தட்ட ஒன்றும் தராது, ஃபண்ட் மட்டும் கரையும். மிட்கேப்பில் 10 லட்சத்தை எடுத்துவிட்டால் மீதியுள்ள 22 லட்சத்தில் 20 லட்சம் நிஃப்டியேதான். ஹெட்ஜும் பொருளும் பொருந்திவிடும்.

வரி பற்றி ஒரு வார்த்தை. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த ஈக்விட்டி ஃபண்டில், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். பாதியை மார்ச் 31-க்குள்ளும் மீதியை ஏப்ரல் முதல் வாரத்திலும் விற்றால் இரண்டு ஆண்டின் விலக்கும் கிடைக்கும். ஆனால் இந்த வரி லாபத்துக்காக நீண்ட நாள் காத்திருக்க வேண்டாம்.

மீதி 22 லட்சத்துக்கு

25,000-ல் ஒரு லாட் என்பது 16,25,000 ரூபாய்ப் பங்குக்குச் சமம். இரண்டு லாட் 32 லட்சத்தைத் தாண்டும். உங்களிடம் இருக்கப்போவது 22 லட்சம். எனவே ஒரு லாட் மட்டும். முக்கால் பங்கு மூடப்படும், அது போதும். தேவைக்கு மேல் புட் வாங்கினால் அது பாதுகாப்பாக இருக்காது, சந்தை விழும் என்று கட்டிய பந்தயமாகிவிடும்.

ஒரு லாட்டில் இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் ஸ்ப்ரெட்டுக்கு 10,400 ரூபாய். 22,500 புட்டை மட்டும் வாங்கினால் 5,850.

நிஃப்டி 10 சதவீதம் விழுந்து 22,500-ல் முடிந்தால், ஸ்ப்ரெட்டோடு உங்கள் நஷ்டம் 1,32,900. தனிப் புட்டோடு 2,25,850, அதாவது புட் எதுவுமே தரவில்லை. இங்கே ஸ்ப்ரெட் தெளிவாக ஜெயிக்கிறது. நிஃப்டி 38 சதவீதம் விழுந்தால், ஸ்ப்ரெட்டோடு நஷ்டம் 7,48,900. தனிப் புட்டோடு 3,86,850. செலவு பாதியை விடச் சற்று அதிகம், பெரிய வீழ்ச்சியில் நஷ்டமோ பாதி.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவதை எடுப்பேன். 10 சதவீத வீழ்ச்சியில் 2 லட்சம் குறைவதை, பென்ஷன் வரும் உங்களால் தாங்க முடியும். பணத்துக்குத் தேதியும் கிடையாது. தாங்க முடியாதது மற்றது. ஆனால் இது உங்கள் மனம் சம்பந்தப்பட்ட முடிவு. இல்லை சார், இரண்டு லட்சம் குறைந்தாலே நான் விற்றுவிடுவேன் என்றால், ஸ்ப்ரெட்டுக்குப் போகாமல் ஃபண்டில் இன்னொரு 5 லட்சத்தை வைப்புக்கு மாற்றுவதே மேல். அதற்குப் பிரீமியம் கிடையாது, எக்ஸ்பைரி கிடையாது.

செலவை வருடக் கணக்கில் பாருங்கள். மூன்று மாதத்துக்கு 10,400 என்றால் ஆண்டுக்கு நான்கு முறை 41,600. 22 லட்சத்தில் ஏறத்தாழ 2 சதவீதம், ஒவ்வோர் ஆண்டும். வங்கி வட்டி எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். ஹெட்ஜை வாழ்நாள் முழுக்க ஓட்ட முடியாது.

நடுவில் திரையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஸ்ப்ரெட்டைத்தான் எடுக்கிறீர்கள் என்றால் இதைத் தெரிந்துகொண்டே எடுக்க வேண்டும். 1,500 என்பது எக்ஸ்பைரி அன்று கிடைப்பது. நிஃப்டி மூன்றே வாரத்தில் சரிந்து 22,500-க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டுக் கணக்குப்படி 1,500 தெரிய வேண்டும். திரையில் தெரிவது 800 சுற்றித்தான் இருக்கும். 24,000 புட் 250-லிருந்து 1,700-க்குப் போயிருக்கும். ஆனால் நீங்கள் விற்ற 22,500 புட்டும் 90-லிருந்து 900-க்கு ஏறியிருக்கும். சந்தையில் பயம் கூடும்போது எல்லாப் புட்டின் விலையும் ஏறும். வாங்கிய புட்டில் வந்த ஏற்றத்தை விற்ற புட் தின்றுவிடும். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்பதற்காகச் சந்தை அந்த 900-ஐ விடாது.

இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். “ஹெட்ஜ் வேலை செய்யவில்லை” என்று நினைத்து, ஏறியிருக்கும் 24,000 புட்டை மட்டும் லாபத்தில் விற்றுவிடுவார்கள். அந்த நொடியில் 22,500 புட் மூடியில்லாத கிணறாகிவிடும். அதுவரை சில பத்தாயிரமாக இருந்த மார்ஜின், அதாவது புரோக்கரிடம் கட்டிவைக்கும் ஈட்டுத் தொகை, ஒரு லட்சத்தைத் தாண்டி எகிறும். கணக்கில் பணம் இல்லையென்றால் புரோக்கர் தானாகவே மோசமான விலையில் முடித்துவிடுவார்.

அதனால் வரிசை முக்கியம். நுழையும்போது மேல் புட்டை முதலில் வாங்குங்கள், பிறகு கீழ் புட்டை விற்கலாம். வெளியேறும்போது விற்றதை முதலில் திரும்ப வாங்குங்கள், பிறகு மேல் புட்டை விற்கலாம். இரண்டையும் விலை குறித்துப் போடும் லிமிட் ஆர்டராகவே போடுங்கள். மூன்று மாதத்துப் புட்களில் வாங்குவோர் விலைக்கும் விற்போர் விலைக்கும் இடைவெளி அதிகம். நீங்கள் 90 என்று பார்த்த புட்டை மார்க்கெட் ஆர்டரில் விற்றால் 80 கிடைக்கலாம்.

இன்னொன்று. சந்தை ஏறிவிட்டதாலோ நாள் கரைந்ததாலோ நீங்கள் விற்ற 22,500 புட் 15 ரூபாய்க்கு வந்துவிட்டால், ஆயிரம் ரூபாய்க்குள் அதைத் திரும்ப வாங்கிவிடுங்கள். மீதியிருக்கும் 24,000 புட்டுக்கு அதன்பிறகு கீழே எல்லையே இல்லை. மிச்சம் 15 ரூபாய்தானே, அதையும் சம்பாதிப்போம் என்று வைத்திருப்பது நல்ல கணக்கு அல்ல.

அண்ணன் மகன் சொன்ன வழி

250-ஐ 90-ஆல் வகுத்தால் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே மூன்று விற்றால் 270 வரும், வாங்க 250 போகும், 20 ரூபாய் கையில் மிஞ்சும். பிள்ளை கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறான். ஆனால் மூன்றில் ஒன்றுக்குத்தான் மேலே மூடி இருக்கிறது. மீதி இரண்டும் நான் மேலே சொன்ன கிணறு. நிஃப்டி 21,740-க்குக் கீழே போனதிலிருந்து இந்த ஹெட்ஜே நஷ்டம் கொடுக்கத் தொடங்கும். ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய் அல்ல, இரண்டு ரூபாய். 20,000-ல் ஒரு செட்டுக்கு 2,27,500 ரூபாய் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். உங்கள் ஃபண்டும் அதே நாளில் 20 சதவீதம் குறைந்திருக்கும். பாதுகாப்புக்காக வாங்கியது வீழ்ச்சியை இன்னும் பெரிதாக்கிவிடும். அதற்கிடையில் மார்ஜின் தினமும் ஏறும். அதைக் கட்ட, விழுந்து கிடக்கும் ஃபண்டைத்தான் விற்க வேண்டி வரும். 2020-ல் செய்ததை மறுபடி செய்ய வைக்கும் வழி இது ஒன்றுதான். எக்காரணம் கொண்டும் வாங்கிய எண்ணிக்கைக்கு மேல் ஒரு லாட்கூட விற்காதீர்கள்.

கரண்ட் இல்லாத நாள்

இந்த விஷயத்தில் நிஃப்டி ஆப்ஷன் உங்களுக்குச் சாதகமானது. இது ஐரோப்பிய வகை. எக்ஸ்பைரிக்கு முன்னால் யாரும் உங்களிடம் வந்து விற்ற புட்டைத் தீர்க்கச் சொல்ல முடியாது. எக்ஸ்பைரி அன்று, அதாவது மாதத்தின் கடைசி செவ்வாய்க்கிழமை, கடைசி அரை மணி நேரச் சராசரி விலையில் பணமாகவே கணக்கு முடிந்துவிடும். நீங்கள் எதுவும் அழுத்த வேண்டாம். மரம் விழுந்து கம்பி அறுந்து இரண்டு நாள் இருட்டில் இருந்தாலும் வர வேண்டிய பணம் வந்துவிடும்.

கவனம் தேவைப்படுவது விற்ற புட்டுக்கு மட்டும். எக்ஸ்பைரி நாளில் விற்ற இண்டெக்ஸ் ஆப்ஷனுக்கு 2 சதவீதம் கூடுதல் மார்ஜின் பிடிப்பார்கள். நிஃப்டி 25,000 என்றால் ஒரு லாட்டுக்கு 32,500 ரூபாய்க்குக் குறையாமல் கணக்கில் சும்மா இருக்கட்டும், அல்லது முந்தின வாரமே இரண்டையும் முடித்துவிடுங்கள். தனிப் புட் வாங்கினால் இந்தக் கவலையும் இல்லை. கொடுத்த பிரீமியத்தோடு சரி. உங்கள் ஊருக்கு அது இன்னொரு காரணம்.

பங்குகளின் மேல் இதே ஸ்ப்ரெட்டைப் போட யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தனிப் பங்கு ஆப்ஷன்கள் பணமாக முடிவதில்லை, பங்கையே கொடுத்து வாங்க வேண்டும். இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் நடுவில் விலை முடிந்தால், கையில் இல்லாத பங்கை நீங்கள் டெலிவரி செய்ய வேண்டிய நிலை வரும்.

காகித வேலை

ஆப்ஷன் வாங்கி விற்பதற்கான எஃப் அண்ட் ஓ பிரிவைத் திறக்க வருமானச் சான்று கேட்பார்கள். பென்ஷன் ஸ்டேட்மெண்ட் போதும். ஃபண்டை அடமானம் வைத்தால் மார்ஜினுக்கு உதவும், ஆனால் புட் வாங்கும் பிரீமியத்தை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். ஆப்ஷனில் வரும் லாப நஷ்டம் வியாபார வருமானமாகக் கணக்காகும். ஒரே ஒரு புட் வாங்கியிருந்தாலும் அந்த ஆண்டு நீங்கள் ஐ.டி.ஆர்.-3 படிவத்துக்கு மாற வேண்டும். புட் காலாவதியாகிப் போன 5,850 ரூபாயைப் பென்ஷனிலிருந்து கழிக்க முடியாது, பென்ஷன் சம்பளத் தலைப்பில் வருவதால். மூலதன லாபத்தோடு ஈடுகட்டலாம். மிட்கேப் விற்ற லாபம் அதே ஆண்டில் இருந்தால் ஆடிட்டரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆர்டர் போடும் முன் அந்த நோட்டுத் தாளில் 20,000, 15,500 என்று இரண்டு வரி சேர்த்து, ஸ்ப்ரெட்டுக்கு ஒன்று, 22,500 தனிப் புட்டுக்கு ஒன்று, மூன்று விற்பதற்கு ஒன்று என மூன்று கட்டத்தையும் உங்கள் கையாலேயே நிரப்புங்கள். நிரப்பியதை அண்ணன் மகனிடமும் காட்டுங்கள். முன்பேர வணிகத்தில் இறங்கும் வயதில் அவனும் இருக்கிறான்.